எதை ஏத்தணும்? கீபோர்டு வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு நான்கு சொற்கள்

வீட்டில் ஒரு நாளில் எத்தனை முறை 'ஏத்து' என்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். டிவி சவுண்டை ஏத்து, ஃபேனை ஏத்து, பாட்டு இறங்கிப் போகுது, சுருதியை ஏத்து. முதலாவது ஒலியின் அளவு. இரண்டாவது வேகம். மூன்றாவது சுருதி. மூன்றுக்கும் ஒரே வினைச்சொல். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை கீபோர்டு வகுப்பில் உட்கார்ந்ததும் பிட்ச், ஆக்டேவ், டெம்போ, கிரெசெண்டோ என்று புதுச் சொற்கள் வருகின்றன. அவற்றின் பொருளை ஒப்பிக்க வைப்பது எளிது. ஆனால் வாசிக்கும்போது சத்தத்தைக் கூட்டச் சொன்னால் வேகத்தையும் சேர்த்துக் கூட்டும், மேல் நோட்டுக்குப் போகச் சொன்னால் கட்டையை ஓங்கி அடிக்கும். சொல் தெரியாததால் வரும் தவறு இல்லை இது. மூன்றும் வெவ்வேறு விஷயம் என்று காதுக்கு இன்னும் பிரிந்து கேட்கவில்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒவ்வொரு சொல்லையும் விளக்குவதோடு, பக்கத்தில் இருக்கும் மற்ற சொல்லிலிருந்து பிரித்துக் காட்டவும் வழி இருக்கிறது. தேவைப்படுபவை ஒரு கீபோர்டு, சீராக டிக் டிக் என்று தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்று செல்போனில், ஸ்டாப்வாட்ச். ஒரு நாளைக்கு ஒரு சொல், பத்து நிமிடம் போதும். ஒரே நாளில் நான்கையும் சொன்னால் மறுநாள் நான்கும் குழம்பிவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே குட்டி மெட்டை வைத்துக்கொள்வோம். வலது கையின் ஐந்து விரலுக்குள் அடங்குவது. நேர்கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு பார், தாளத்தின் ஒவ்வொரு தட்டும் ஒரு பீட். நான்கு பார், ஒவ்வொரு பாருக்கும் நான்கு பீட்:

சி டி ஈ ஈ | எஃப் ஈ டி – | ஈ எஃப் ஜி ஜி | ஈ டி சி –

சிறு கோடு இருக்கும் இடத்தில் முந்தின நோட்டை இன்னொரு பீட் பிடித்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது பாட்டு தெரியும் என்றால் இதையே 'ஸ ரி க க, ம க ரி' என்று தொடங்கிப் பாடிக் காட்டலாம். பிள்ளை இதைத் தடுமாறாமல் வாசிக்கும் வரை மற்றதைத் தொடவேண்டாம். இரண்டு மூன்று நாள் ஆகும், ஆகட்டும்.

பிட்ச்: கொசுவும் இடியும்

பிட்ச் என்றால் ஒலி எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. ஆனால் 'மேலே, கீழே' என்று தொடங்கினால் பிள்ளை கீபோர்டைப் பார்த்துவிட்டு, 'இதுல மேலயும் இல்ல கீழயும் இல்ல, இடமும் வலமும்தான இருக்கு' என்று கேட்கும். நியாயமான கேள்வி. கிதார் படிக்கும் பிள்ளைக்கு இன்னும் சிக்கல், அதில் உடம்புக்கு மேலே இருக்கிற தந்திதான் கீழ் ஒலி தரும். அதனால் இடத்தை விட்டுவிட்டு ஒலியில் தொடங்குங்கள்.

கொசு காதோரம் பாடுவது எப்படி இருக்கும், செய்து காட்டு என்று கேளுங்கள். பிள்ளை மெல்லிய குரலில் 'ஙீ' என்று இழுக்கும். பிறகு தூரத்து இடி எப்படி உருளும் என்று கேளுங்கள். தடித்த குரல் வரும். இப்போது இரண்டு கேள்வி. எது சத்தம் அதிகம்? இடி. எது பிட்ச் அதிகம்? கொசு. சத்தம் குறைந்த ஒன்றுக்குப் பிட்ச் அதிகமாக இருக்கலாம் என்பது இந்த ஒரு ஜோடியிலேயே பதிந்துவிடும். பெரிய பிள்ளையாக இருந்தால் காரணமும் சொல்லலாம். கொசு ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை சிறகடிக்கிறது. அதிர்வு எத்தனை தடவையோ அதுதான் பிட்ச், எவ்வளவு பலமாக அதிர்கிறதோ அது சத்தம். ஒரு நொடிக்கு ஒரு முறை அதிர்ந்தால் ஒரு ஹெர்ட்ஸ். கீபோர்டின் நடுவில் இருக்கும் ஏ கட்டை 440 ஹெர்ட்ஸ். உலகம் முழுக்கக் கருவிகளைச் சுருதி சேர்க்கப் பொதுவாக வைத்திருக்கிற எண் அது.

அடுத்து கீபோர்டு. இடது கோடியிலிருந்து வலது கோடி வரை வெள்ளைக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தவிடுங்கள். இடது பக்கம் இடி, வலது பக்கம் கொசு. பிறகு பிள்ளையைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் இரண்டு கட்டையை அழுத்துங்கள். முதலில் வலது பக்கத்துக் கட்டை ஒன்றை மெதுவாக, அடுத்து இடது பக்கத்துக் கட்டை ஒன்றை ஓங்கி. எதற்குப் பிட்ச் அதிகம்? இரண்டாவது என்று சொன்னால் பிள்ளை இன்னும் சத்தத்தைத்தான் அளக்கிறது என்று பொருள். மறுபடி கொசுவுக்கு வாருங்கள். உங்கள் கீபோர்டு எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் தரும் என்றால், இந்த விளையாட்டைக் கட்டையில் ஆடாமல் உங்கள் குரலில் செய்யுங்கள். மெல்லிய குரலில் கிசுகிசுப்பாக ஒரு 'ஆ', தடித்த குரலில் உரக்க ஒரு 'ஆ'.

தண்ணீர் வைத்தும் காட்டலாம், ஆனால் எப்படிக் காட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் தட்டினால், தண்ணீர் கூடக்கூடப் பிட்ச் இறங்கும். ஜலதரங்கத்தில் நடப்பது இதுதான். தண்ணீர் சேரச்சேரக் கிண்ணம் கனத்து, மெதுவாக அதிர்கிறது. அதே தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி வாய்ப்பக்கம் குறுக்கே ஊதினால் தண்ணீர் கூடக்கூடப் பிட்ச் ஏறும். அங்கே அதிர்வது உள்ளே இருக்கும் காற்று, தண்ணீர் நிரம்பினால் காற்றுக்கு இடம் குறைகிறது. இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் பிள்ளை எதையும் நம்பாது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளர் நல்லது.

வீட்டில் கர்நாடக சங்கீதம் பழகியவர்கள் இருந்தால் ஒரு வசதி உண்டு. நாம் 'ஐந்தரைக் கட்டைச் சுருதி' என்கிறோமே, அந்தக் கட்டை இந்தக் கட்டைதான். சி ஒன்றாம் கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டையே இல்லை, பிள்ளையிடம் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கும். அது தெரியாமல் அழுந்தி 2 என்று நின்றுவிட்டால் சி-யை அழுத்தினால் டி ஒலிக்கும். கீபோர்டு மட்டும் தனியாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது, வகுப்பில் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான் அபஸ்வரமாகக் கேட்கும். பிள்ளை சரியான கட்டையைத்தான் அழுத்துகிறது, ஆனாலும் ஒட்டவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண் பூஜ்யத்தில் இருக்கிறதா என்பதை. பெரும்பாலான கீபோர்டுகளில் அணைத்துப் போட்டால் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

ஆக்டேவ்: வெள்ளிக்கு வெள்ளி எட்டு

பிட்ச் புரிந்த பிறகுதான் ஆக்டேவ். லத்தீனில் எட்டாவது என்ற சொல்லிலிருந்து வந்தது. சி-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை எண்ணினால் எட்டாவது மறுபடி சி. ஸ ரி க ம ப த நி முடிந்து மேல் ஸட்ஜம் வருவதும் இதேதான். நாம் ஸ்தாயி என்பது மேலை இசையில் ஆக்டேவ். யாராவது உச்சக் குரலில் பாடினால் 'எட்டுக் கட்டையில் பாடுறான்' என்று கேலியாகவும் வியப்பாகவும் சொல்வதில் இருக்கிற எட்டும் இந்த எட்டுதான்.

பிள்ளை இங்கே இடறும் இடம் எண்ணுவதில். ஏழு எழுத்துதான் இருக்கிறது, பிறகு ஏன் எட்டு? வெள்ளிக்கு வெள்ளி எட்டு நாள் என்று பாட்டி சொல்வாரே, அதை நினைவூட்டுங்கள். கிழமை ஏழுதான். இந்த வெள்ளியை ஒன்று என்று எண்ணத் தொடங்கினால் அடுத்த வெள்ளி எட்டு. பெயர் அதே வெள்ளி, ஆனால் நாள் வேறு. அதுபோலப் பெயர் அதே சி, பிட்ச் வேறு.

செய்முறை இப்படி. இரண்டு கறுப்புக் கட்டை ஜோடியாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அந்த ஜோடிக்கு இடது பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை சி. 61 கட்டைக் கீபோர்டில் இப்படி ஆறு சி இருக்கும், ஐந்து ஆக்டேவ். இடமிருந்து மூன்றாவது சி-தான் நடு சி. அங்கே பென்சில் நுனியை வைத்து, அதையே 'ஒன்று' என்று சொல்லி எண்ணத் தொடங்க வேண்டும். சில பிள்ளைகள் தாயம் விளையாடுகிற பழக்கத்தில், நிற்கிற கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த கட்டையை ஒன்று என்பார்கள். எட்டு எண்ணி முடிக்கும்போது விரல் டி-யில் நிற்கும். தவறைச் சொல்லித் திருத்தவேண்டாம், இரண்டு கட்டையையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். சி-யும் மேல் சி-யும் சேர்ந்தால் ஒரே ஒலி தடித்தது போல இருக்கும், இரண்டு என்றே தெரியாது. டி-யில் போய் நின்றிருந்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும், ஒன்றோடு ஒன்று சேராது. பி-யில் நின்றால் உரசும், பிள்ளையே முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பே போதும்.

ஏன் இப்படிச் சேர்கிறது? ஒரு ஆக்டேவ் மேலே போனால் அதிர்வு சரியாக இரண்டு மடங்கு. 440 ஹெர்ட்ஸ் ஏ-க்கு மேல் ஏ 880, கீழ் ஏ 220. தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினாலும் இதுவே நடக்கும். வீணைத் தண்டில் வரிசையாக இருக்கும் மெட்டுகளில் பன்னிரண்டாவதில் விரல் வைத்தால் திறந்த தந்தியின் மேல் ஸ்தாயி கிடைப்பது அதனால்தான், கிதாரிலும் பன்னிரண்டாவது ஃப்ரெட். பன்னிரண்டு என்றதும், இப்போதுதானே எட்டு என்றாய் என்று பிள்ளை மடக்கும். வெள்ளையை மட்டும் எண்ணினால் எட்டு, கறுப்பையும் சேர்த்து ஒவ்வொரு படியாக ஏறினால் பன்னிரண்டு படி. ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு.

வீட்டிலேயே கேட்கக்கூடிய ஆக்டேவ் ஒன்று உண்டு. அப்பாவும் பிள்ளையும் ஒரே பாட்டைச் சேர்ந்து பாடும்போது பெரும்பாலும் அப்பாவின் குரல் ஒரு ஆக்டேவ் கீழே போகும், யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே. அதை வைத்து நமது மெட்டை வாசியுங்கள். பிள்ளை நடு சி-யிலிருந்து, நீங்கள் ஒரு ஆக்டேவ் கீழிருந்து, ஒரே நேரத்தில்.

ஆனால் ஒரு கையாலேயே ஆக்டேவை எட்டிப் பிடிக்கச் சொல்லாதீர்கள். முழு அளவுக் கட்டைகளில் ஒரு ஆக்டேவின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். ஏழு வயதுக் கை அதற்கு இழுபடக் கூடாது. இரண்டு கையையும் பயன்படுத்தட்டும்.

டெம்போ: காலம் வேறு, காலப்பிரமாணம் வேறு

டெம்போ இத்தாலியச் சொல், பொருள் நேரம். பாட்டின் பீட் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதற்குப் பெயர். ஒரு நிமிடத்தில் எத்தனை பீட் என்று எண்ணால் சொல்வார்கள். கடிகாரத்தின் நொடி முள் 60. பல கீபோர்டுகளை ஆன் செய்ததும் திரையில் தெரியும் 120 என்றால் நொடிக்கு இரண்டு. மேல்செல் என்ற ஜெர்மானியர் 1815-ல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் இப்படி எண்ணால் எழுதும் பழக்கம் பரவியது. அதற்கு முன் சொற்கள்தான், இப்போதும் புத்தகத்தில் அவை இருக்கும். அண்டான்டே என்றால் நடக்கிற வேகம், அலெக்ரோ என்றால் உற்சாகமான வேகம், அடாஜியோ என்றால் நிதானம். முதல் வருடத்துக்கு இந்த மூன்று போதும்.

மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். செயலியில் முதல் பீட்டுக்கு மணி அடிக்கும் வசதி இருந்தால் நான்கு பீட்டுக்கு ஒரு மணி என்று அமைத்திருக்கிறதா பாருங்கள். மூன்றில் இருந்தால் நமது மெட்டோடு மணி தப்பித் தப்பி அடிக்கும், பிள்ளை தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்ளும். முதலில் கீபோர்டைத் தொடாமல் கூடத்தில் நடக்கவிடுங்கள், ஒரு டிக்குக்கு ஓர் அடி. பிறகு 84-ல். அடி சீக்கிரம் விழுகிறது. இப்போது மாறியது டெம்போ.

அடுத்த படி முக்கியம். மறுபடி 60-க்கு வாருங்கள். கால் டிக்குக்கு ஒரு முறை தட்டட்டும், கை டிக்குக்கு இரண்டு முறை. டெம்போ கூடியதா? பெரும்பாலான பிள்ளைகள் கூடியது என்பார்கள். கூடவில்லை, கால் அதே வேகத்தில்தான் தட்டுகிறது. சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு இதைச் சொல்வது சுலபம். முதல் காலத்தில் ஓர் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் போடும் கை மாறுவதே இல்லை. மாறாமல் இருக்கிற அந்தக் கையின் வேகம்தான் டெம்போ, நாம் காலப்பிரமாணம் என்போம். பாட்டும் கீபோர்டும் இரண்டும் படிக்கிற பிள்ளைகள் 'இரண்டாம் காலம்' என்பதை 'டெம்போ டபுள்' என்று புரிந்துகொள்வது ரொம்ப சகஜம். மெட்டை 60-ல் இரண்டாம் காலத்திலும், பிறகு 120-ல் முதல் காலத்திலும் வாசித்துப் பார்த்தால் விரலுக்கு ஒரே வேலைதான். கால் தட்டுவதில்தான் வித்தியாசம். அதைக் காலைத் தட்டித்தான் காட்ட முடியும்.

பிறகு ஸ்டாப்வாட்ச். மெட்ரோனோமை நான்கு டிக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள், பிள்ளை மனத்துக்குள் எண்ணி மெட்டை வாசிக்கட்டும். முதல் சி அழுத்தும்போது ஸ்டாப்வாட்சைத் தொடங்கி, கடைசி சி அழுத்தும்போது நிறுத்துங்கள். கடைசி சி பதினைந்தாவது பீட்டில் விழுகிறது, முதல் பீட்டிலிருந்து பதினான்கு பீட் தூரம். அதனால் 60 டெம்போவில் 14 நொடி வரவேண்டும், 70-ல் 12 நொடி, 84-ல் 10 நொடி. 14 வரவேண்டிய இடத்தில் 12 வந்தால் பிள்ளை ஓடியிருக்கிறது. 14-தான் வந்தது, ஆனாலும் கேட்க ஏதோ சரியில்லை என்றால் தெரிந்த பாரில் ஓடி, தெரியாத பாரில் நின்று, கணக்கை நேராக்கியிருக்கிறது. நமது மெட்டில் அப்படி நிற்கும் இடம் பெரும்பாலும் மூன்றாம் பாரின் தொடக்கம். இரண்டாம் பாரின் கடைசி டி-யை இரண்டு பீட் பிடித்துவிட்டு ஈ-க்குப் போகும்போது ஒரு மூச்சு கூடுதலாக விழும்.

எந்த டெம்போவில் பழகுவது? முழு மெட்டுக்கு வசதியான டெம்போவைப் பார்க்காதீர்கள். கடினமான பார் எந்த வேகத்தில் மூன்று முறை தொடர்ந்து தப்பாமல் வருகிறதோ அதுதான் அன்றைய டெம்போ. மறுநாள் நான்கு கூட்டலாம். 60-லிருந்து ஒரே தாவில் 80-க்குப் போனால் பழைய தடுமாற்றமே புது வேகத்தில் வரும்.

டெம்போவையும் பிட்சையும் பிரித்துக் காட்ட யூடியூப் உதவும். பிள்ளைக்குப் பிடித்த பாட்டை 0.75 வேகத்தில் ஓடவிடுங்கள். பாட்டு மெதுவாகிறது, ஆனால் பாடுபவரின் குரல் தடிக்கவில்லை. டெம்போ இறங்கியது, பிட்ச் அப்படியே. பேட்டரி இறங்கிய டேப் ரிக்கார்டரில் இரண்டும் சேர்ந்து இறங்கும், அந்த நாளை அறிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகப் புரியும்.

கிரெசெண்டோ: விசிலுக்கு முன்னால்

கிரெசெண்டோ என்றால் இத்தாலியனில் வளர்ந்துகொண்டே போவது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவது. பெரியவர்களே இதைத் தப்பாகப் பயன்படுத்துவதுண்டு, உச்சத்தில் இருக்கிற பெரிய சத்தத்துக்குப் பெயர் கிரெசெண்டோ என்று. அடுப்பில் குக்கர் ஏறுவதைக் கேட்கவிடுங்கள். முதலில் ஒன்றும் இல்லை, பிறகு லேசாக 'ஸ்ஸ்', அது தடித்துத் தடித்து வந்து விசில். விசில் கிரெசெண்டோ இல்லை. விசில் வரும் வரை இருந்த அந்த 'ஸ்ஸ்' வளர்ந்ததே, அதுதான்.

இன்னொரு உதாரணம், தெருமுனையில் சாமி ஊர்வலம் திரும்பி நம் வீட்டை நோக்கி வருவது. மேளச் சத்தம் நமக்குக் கூடிக்கொண்டே போகிறது. தவில்காரர் வேகத்தைக் கூட்டவில்லை, நாதஸ்வரம் சுருதியை ஏற்றவில்லை. பிட்சும் டெம்போவும் அசையாமல் நிற்க, சத்தம் மட்டும் வளர்கிறது. பிள்ளை கற்கவேண்டியது இதைத்தான்.

புத்தகத்தில் கிரெசெண்டோ, நுனியில் மூடி வலது பக்கம் வாய் திறக்கும் இரண்டு கோடாக இருக்கும். விரிந்த பக்கம் அதிகச் சத்தம். அதைத் திருப்பிப் போட்டால் டிமினுவெண்டோ, குறைந்துகொண்டே போவது. இரண்டு பக்கமும் சாய்ந்த சிறு எழுத்துகள் இருக்கலாம். சிறிய பி என்றால் பியானோ, மெதுவான சத்தம். சிறிய எஃப் என்றால் ஃபோர்ட்டே, பலமான சத்தம். இங்கே ஒரு குழப்பம் நிச்சயம் வரும். எஃப் என்று நோட்டும் இருக்கிறது. புத்தகத்தில் எஃப் என்று பார்த்ததும் எஃப் கட்டையை அழுத்தும் பிள்ளைகள் உண்டு. எழுதிக் காட்டுங்கள்: நேரான பெரிய எழுத்து கட்டையின் பெயர், சாய்ந்த சிறிய எழுத்து சத்தத்தின் அளவு. பியானோ என்ற கருவியின் பெயரே பியானோஃபோர்ட்டேயின் சுருக்கம்தான். 1700-ஐ ஒட்டி இத்தாலியில் கிறிஸ்டோஃபோரி செய்த கருவி அது. அதற்கு முன் இருந்த ஹார்ப்சிகார்டு என்ற கட்டைக் கருவியில் எப்படி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் வரும்.

உங்கள் வீட்டுக் கீபோர்டும் ஹார்ப்சிகார்டு போல இருந்துவிடலாம், பயிற்சிக்கு முன் இதைச் சோதியுங்கள். பியானோ ஒலியைத் தேர்ந்தெடுத்து, ஒரே கட்டையை முதலில் மெதுவாகவும் அடுத்து வேகமாகவும் அழுத்துங்கள். சத்தத்தில் மாற்றம் இல்லை என்றால் டச் ரெஸ்பான்ஸ் என்ற வசதி அணைந்திருக்கிறது, அல்லது அந்தக் கீபோர்டில் அது இல்லவே இல்லை. அணைந்திருந்தால் செட்டிங்கில் போய்ப் போட்டுவிடலாம். ஆர்கன் ஒலியை வைத்துச் சோதித்து ஏமாறாதீர்கள், அந்த ஒலி பெரும்பாலும் அழுத்தத்துக்கு மசியாது. வசதியே இல்லாத கீபோர்டில் பிள்ளை எவ்வளவு பழகினாலும் கிரெசெண்டோ வராது. அந்த வீட்டில் இந்தப் பயிற்சியைப் பாடியோ மேசையில் தட்டியோ செய்துகொள்ளலாம், புதிதாக வாங்குவதாக இருந்தால் முதலில் கேட்கவேண்டிய வசதியும் இதுதான்.

இந்த வசதி உள்ள கீபோர்டு, கட்டை எவ்வளவு வேகமாகக் கீழே போகிறது என்று பார்த்துத்தான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. கட்டை அடியைத் தொட்ட பிறகு இன்னும் அமுக்குவதால் ஒரு பயனும் இல்லை. விரல் நகம் வெளுக்கிற அளவுக்கு அமுக்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். கையை உயரத் தூக்கி அடிப்பதும் வேண்டாம், கட்டையைத் தொட்டபடியே விரலைச் சட்டென்று இறக்கினால் போதும்.

முதல் பயிற்சிக்கு மெட்டு வேண்டாம். ஜி கட்டை ஒன்று மட்டும், நடுவிரலால், 60 டெம்போவில் எட்டு முறை. ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையை வாயால் சொல்லவேண்டும், ஒன்று என்பது ரகசியம் போல, எட்டு என்பது பக்கத்து அறைக்குக் கேட்பது போல. ஒரே கட்டை என்பதால் பிட்ச் மாறாது, மெட்ரோனோம் இருப்பதால் டெம்போ மாறாது. மாறுவது ஒன்றே ஒன்று.

இதில் இரண்டு தவறு வரும். ஒன்று, குறி தொடங்கிய உடனேயே சத்தம் போட்டுவிடுவது. குறியைப் பார்த்ததும் 'சத்தமா' என்று மூளை சொல்கிறது. உண்மையில் குறியின் கூர்மையான நுனி இருக்கும் இடம்தான் அந்தப் பகுதியிலேயே மிக மெதுவாக இருக்கவேண்டிய இடம், முதல் நோட்டிலேயே ஏற்றிவிட்டால் போக இடம் இருக்காது. நுனிக்கு மேலே பென்சிலால் 'மெதுவா' என்று எழுதிவையுங்கள், பலன் தெரியும். இரண்டாவது, முதல் ஐந்து ஒரே மாதிரி இருந்துவிட்டு ஆறில் திடீரென்று குதிப்பது. குக்கர் அப்படி ஏறாது என்று சொல்லி மறுபடி எண்ணவையுங்கள்.

மெட்டுக்கு வரும்போது கிரெசெண்டோவை மூன்றாம் பாரில் வையுங்கள், ஈ எஃப் ஜி ஜி. இது சுலபமாக வந்துவிடும், ஏனென்றால் பிட்சும் ஏறுகிறது, சத்தமும் ஏறுகிறது. சுலபமாக வருவதாலேயே இதை நம்பக் கூடாது. இரண்டும் ஒன்று என்று பிள்ளை மறுபடி நினைத்துக்கொள்ளும். அதனால் மறுநாள் அங்கிருந்து எடுத்து நான்காம் பாருக்கு மாற்றுங்கள், ஈ டி சி. பிட்ச் இறங்க இறங்கச் சத்தம் கூடவேண்டும், கடைசி சி-தான் பாரிலேயே பலமானது. முதலில் விரல் மறுக்கும், சத்தம் தானாகக் குறையும். நோட்டை மாற்றாமல் மூன்று எண்ணிக்கையை மட்டும் வாயால் ஏற்றிச் சொல்லிவிட்டு, பிறகு கட்டைக்கு வந்தால் நாலைந்து முறையில் பிடித்துவிடும்.

பிடித்ததும் ஸ்டாப்வாட்சை மறுபடி எடுங்கள். மெட்ரோனோம் இல்லாமல் 60-ல் முழு மெட்டு, கிரெசெண்டோவோடு. 14 நொடியில் முடியவேண்டியது 13 அல்லது 12-ல் முடிந்தால், பிள்ளை சத்தத்தை ஏற்றும்போது டெம்போவையும் சேர்த்து ஏற்றியிருக்கிறது. இனி 'ஏத்து' என்று மட்டும் சொல்லாமல், சத்தத்தை மட்டும் ஏத்து, கால் அப்படியே தட்டட்டும் என்று சொல்லி, அந்த நான்காம் பாரை மட்டும் மெட்ரோனோமோடு மூன்று முறை வாசிக்கவிட்டு மறுபடி நேரம் பாருங்கள்.